பத்து நிமிட எழுத்தில் எந்த வரியை எடுப்பது?

வாசகி எழுதிய கடிதத்திலிருந்து:

“எனக்கு 36 வயது. சிறுகதை எழுதிப் பழகுகிறேன். ஒரு பட்டறையில் சொல்லித்தந்தபடி, கதை எழுத உட்காருவதற்கு முன் தினமும் பத்து நிமிடம் நிறுத்தாமல் எழுதுகிறேன். ஐந்து மாதத்தில் மூன்று நோட்டு நிறைந்துவிட்டது, உருப்படியாக ஒரு வரிகூடத் தேறவில்லை. நன்றாக வந்ததாக நினைத்துக் கோடிட்ட வரிகளைக் கதையில் சேர்த்தால், படித்துப் பார்க்கும் தோழி சரியாக அந்த இடங்களைத்தான் ‘ஒட்டவில்லை’ என்று சுழிக்கிறாள். பல நாள் அந்தப் பத்து நிமிடத்தோடு எழுதும் ஆசையே தீர்ந்துவிடுகிறது. அப்படி வந்த வரியைத் திருத்தினால் அதன் இயல்பு போய்விடும் என்கிறார்களே, திருத்தலாமா? இன்னொன்று. கணவரைப் பிரிந்து வீட்டுக்கு வந்த என் அக்காவைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுத வருகிறது. அதைக் கதையாக்க எனக்கு உரிமை உண்டா? இரண்டு பக்கங்களை அனுப்பியிருக்கிறேன். பெயர் சொல்லாமல் பயன்படுத்திக்கொள்ளலாம்.”

அன்புள்ள தோழிக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களிலும் எடுக்கத் தகுந்த வரிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் கோடிடவில்லை. உங்கள் பிரச்சினை எழுதுவதில் இல்லை, எழுதியதைப் படிப்பதில் இருக்கிறது. அதனால் பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டே பேசுவோம். ‘கதவு’ என்ற சொல்லில் தொடங்கிய முதல் பக்கத்தை, நிறுத்தக்குறிகூட மாற்றாமல் அப்படியே தருகிறேன்:

“கதவு கதவு என்ன எழுதுவது. கதவு என்பது வெறும் மரமல்ல, அது உறவுகளின் வாசல், மனங்களின் எல்லைக்கோடு. மூடிய கதவுகளுக்குப் பின்னால் எத்தனை மௌனங்கள் எத்தனை கண்ணீர்த்துளிகள். சரி. அப்புறம். கை வலிக்கிறது. கதவு. தாழ்ப்பாள். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் எப்போதும் கிறீச்சென்று சத்தம் போடும் அப்பா எண்ணெய் விடவே மாட்டார் கேட்டால் இருக்கட்டும் யார் வர்றாங்க போறாங்கன்னு தெரியணும்ல என்பார். அக்கா ராத்திரி வந்தபோது அந்தச் சத்தம் வரவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலேயே கதவைத் தூக்கிப் பிடித்துத் திறக்கத் தெரியும். என்ன எழுதுகிறேன் தெரியவில்லை இன்னும் எவ்வளவு நேரம். அம்மா எப்ப வந்தேன்னு கேட்கவே இல்லை இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். நான்தான் கேட்டேன் எத்தனை நாளைக்கு என்று ஏன் கேட்டேன். பை சின்னப் பையாக இருந்தது அதனால் கேட்டேன். பெரிய பையாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேனோ. பிரிவு என்பது ஒரு முடிவல்ல அது இன்னொரு”

அங்கே டைமர் அடித்துவிட்டது போலிருக்கிறது. நல்ல வேளை.

இதில் நீங்கள் சிவப்பு மையில் கோடிட்டது “அது உறவுகளின் வாசல், மனங்களின் எல்லைக்கோடு” என்ற வரியை. தோழி சுழித்ததும் இதைப் போன்ற வரிகளைத்தான் என்று நினைக்கிறேன். அவர் சுழித்தது சரி. அந்த வரி உங்கள் வீட்டுக் கதவைப் பார்த்து எழுதியது அல்ல. கதவு என்றதும் எல்லோருக்கும் வந்து விழும் வரி அது. மேடையிலும் வாழ்த்து அட்டையிலும் கேட்டுக் கேட்டுக் கைக்குப் பழகிவிட்ட தமிழ். கதவை எடுத்துவிட்டு ஜன்னல், பாலம், கடிதம் என்று எதை வைத்தாலும் அந்த வரி பொருந்தும். எதை வைத்தாலும் பொருந்தும் வரி உங்கள் கதையில் மட்டும் எப்படி ஒட்டும்?

இப்படிப்பட்ட வரி வருவது தவறில்லை. முதல் இரண்டு மூன்று நிமிடம் எல்லோருக்கும் இதுதான் வரும். கையிருப்பு தீரும்வரை கை அதைத்தான் செலவு செய்யும். பத்து நிமிடம் என்று வைத்ததற்கு ஒரு காரணம் அது. ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் பலருக்குக் கையிருப்போடு பக்கம் முடிந்துவிடும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

இந்தப் பயிற்சியைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர், எழுத்துக் கற்பித்த அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ. 1973-ல் வந்த தன் நூலில் அவர் சொன்ன விதி எளிமையானது. பத்து நிமிடம் எழுதுங்கள், பழகியபின் வேண்டுமானால் பதினைந்து, இருபது என்று நீட்டிக்கொள்ளுங்கள். கை நிற்கக் கூடாது, திரும்பிப் படிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் ஒன்றும் தோன்றவில்லை என்பதையே எழுதுங்கள். நீங்கள் இதை ஏறக்குறையச் சரியாகவே செய்கிறீர்கள். “கை வலிக்கிறது”, “இன்னும் எவ்வளவு நேரம்” என்று எழுதியிருப்பதே அதற்கு அத்தாட்சி.

இரண்டாவது பக்கத்தில் மட்டும் ஒரு சிக்கல் தெரிகிறது. அதை ஃபோனில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் விசைப்பலகையாக இருந்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே இரண்டு மூன்று பரிந்துரை வந்து நிற்கும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே ஒரு திருத்த வேலை. போதாததற்கு, அடுத்து வரக்கூடிய சொல்லையும் அதுவே எடுத்துக் கொடுக்கும். அதிகம் பேர் எழுதும் சொல்லைத்தான் அது கொடுக்கும் என்பதால், நீங்கள் தப்பிக்கப் பார்க்கும் அதே பழகிய வரிக்குள் மறுபடி கொண்டுபோய் விடும். முடிந்தவரை பேனாவில் எழுதுங்கள். ஃபோன்தான் வசதி என்றால் பரிந்துரைப் பட்டையை அணைத்துவிடுங்கள், பிழையோடு போகட்டும். குரலில் சொல்லித் தட்டச்சு செய்வதை நான் இதற்குச் சிபாரிசு செய்வதில்லை. திரையில் தப்பாக விழும் சொல்லைக் கண் பார்த்துவிடும், அதைச் சரிசெய்யப் போவோம், ஓட்டம் போய்விடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வேகத்தடைகள் உண்டு. ஒன்று ஒற்று. “சின்ன பை”யா “சின்னப் பை”யா என்று ஒரு நொடி யோசித்தால் போதும், கை நின்றுவிடும். பத்து நிமிடத்துக்குச் சந்தி இலக்கணத்துக்கு விடுமுறை கொடுங்கள். மற்றொன்று பேச்சா எழுத்தா என்ற தயக்கம். எது வருகிறதோ அதில் எழுதுங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்தாலும் பரவாயில்லை. அந்தக் கலப்பு எங்கே நடக்கிறது என்பது பிறகு வரி தேடும்போது நமக்கு உதவப்போகிறது.

தொடங்கும் சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். ‘நம்பிக்கை’, ‘பிரிவு’ போன்ற சொல்லில் தொடங்கினால் பக்கம் முழுக்கச் சொற்பொழிவாகிவிடும். கையால் தொடக்கூடிய ஒரு பொருளிலோ, பாதியில் நிற்கும் ஒரு வாக்கியத்திலோ தொடங்குங்கள். ‘கதவு’ நல்ல தேர்வுதான். ‘அவள் வந்தபோது நான்’ என்று தொடங்கியிருந்தால் இன்னும் சீக்கிரம் தாழ்ப்பாளுக்கு வந்திருப்பீர்கள்.

அந்தப் பத்து நிமிடத்தோடு ஆசை தீர்ந்துவிடுகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் எழுதி முடித்ததும் அதைப் படித்துப் பார்ப்பதாக இருக்கலாம். படித்தவுடன் மதிப்பீடு வந்துவிடுகிறது. பிடித்திருந்தால் வேலை முடிந்த திருப்தி, பிடிக்காவிட்டால் சலிப்பு. இரண்டில் எது வந்தாலும் பேனாவை மூடிவிடுவோம். வார்ம்-அப் என்றால் அது கதைக்குள் போவதற்கான வழி மட்டும்தான். ஆகவே ஒன்பதாவது நிமிடத்தில் என்ன எழுதிக்கொண்டிருந்தாலும் அதை விட்டுவிட்டு, “இன்று கதையில்” என்று தொடங்கி அன்று எழுதவேண்டிய காட்சியைப் பற்றி ஒரு நிமிடம் எழுதுங்கள். “இன்று கதையில் அவள் சமையலறைக்கு வரணும், தங்கை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், யார் முதலில் பேசுவது” என்கிற அளவுக்குப் போதும். டைமர் அடித்ததும் நோட்டை மூடிவிட்டு, எழுந்திருக்காமல், கதைத் தாளை எடுத்து அந்த இடத்திலிருந்தே தொடருங்கள். நடுவில் தண்ணீர் குடிக்கப் போனால்கூடச் சூடு ஆறிவிடும். அப்படிச் செய்தும் களைப்பாக இருந்தால் சில வாரம் ஏழு நிமிடமாகக் குறைத்துப் பாருங்கள். பத்து என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை.

அன்றைய பக்கத்தை அன்றே படிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி எடுப்பது வேறு வேலை, வேறு நாள் வேலை. 1934-லேயே டோரதியா பிராண்ட் என்ற எழுத்தாசிரியர், காலையில் கண் விழித்ததும் எதையும் படிக்காமல் எழுதச் சொன்னவர், எழுதியதை உடனே திரும்பிப் படிக்கும் ஆசையை அடக்கச் சொன்னார். என் அனுபவத்தில் ஒரு வாரம் இடைவெளி போதும். எழுதும்போது என்ன நினைத்தோம் என்பது மறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அது மறக்காதவரை நாம் பக்கத்தைப் படிப்பதில்லை, நினைத்ததைப் படித்துக்கொண்டிருப்போம்.

எந்த இடத்தில் தேடுவது

வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வேறு நிறப் பேனாவை எடுத்துக்கொண்டு, பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் அழகாகத் தெரியும் வரியில்தான் கண் நிற்கும். நாக்கு வேறு இடங்களில் நிற்கும்.

முதலில், சலித்துக்கொண்ட இடங்களைக் கண்டுபிடித்து அவற்றுக்கு அடுத்த இரண்டு மூன்று வரிகளைப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் “சரி. அப்புறம். கை வலிக்கிறது” என்று ஓர் இடம். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் கையிருப்பு. பின்னால் வருவது தாழ்ப்பாள். மறுபடியும் “என்ன எழுதுகிறேன் தெரியவில்லை” என்று ஓர் இடம். அதை அடுத்து அம்மா இன்னொரு தட்டு எடுத்து வைக்கிறாள். ஒரே பக்கத்தில் இரண்டு முறை நடந்திருக்கிறது. சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று கை ஒப்புக்கொண்டபின், யோசிக்காத ஒன்று வருகிறது. எப்போதும் இப்படித்தான் வரும் என்று சொல்ல மாட்டேன். சலிப்புக்குப் பின் இன்னொரு சலிப்பு வரும் பக்கங்களும் நிறைய உண்டு. ஆனால் தேடத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அடுத்தது, எழுத்துத் தமிழ் உடைந்து பேச்சு நுழையும் இடம். “இருக்கட்டும் யார் வர்றாங்க போறாங்கன்னு தெரியணும்ல” என்ற உங்கள் அப்பாவின் பேச்சைப் பாருங்கள். அதற்கு முன்புவரை ‘எல்லைக்கோடு’, ‘மௌனங்கள்’ என்று போய்க்கொண்டிருந்த கை, இங்கே ஒருவர் குரலைக் கேட்டு எழுதியிருக்கிறது. ‘தெரியணும்ல’ என்பதில் உள்ள அந்த ‘ல’வை உட்கார்ந்து யோசித்து யாரும் எழுதுவதில்லை. இந்த ஒரு பேச்சில், வீட்டில் யார் எப்போது வந்தாலும் தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று நினைக்கும் ஒரு மனிதர் முழுதாக வந்துவிட்டார். அவரைப் பற்றிக் ‘கண்டிப்பானவர்’ என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவது, எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்களை நீங்களே கேள்வி கேட்கும் இடம். “ஏன் கேட்டேன். பை சின்னப் பையாக இருந்தது அதனால் கேட்டேன்.” எனக்கு இந்தப் பக்கத்தின் மையம் இதுதான். எல்போ ஒவ்வொரு சுற்று எழுதியபின்னும் அதன் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒரே வாக்கியமாக எழுதச் சொல்வார். இந்தப் பக்கத்துக்கு நான் எழுதினால் ‘அக்கா நிரந்தரமாக வந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும், தெரியாதது போலக் கேட்டேன்’ என்று எழுதுவேன். நீங்கள் வேறு மாதிரி எழுதலாம். ஆனால் எப்படி எழுதினாலும் கதவைப் பற்றி எழுத மாட்டீர்கள்.

நான்காவதை ஒரே பக்கத்தில் பார்க்க முடியாது. பல பக்கங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, கேட்காமலேயே திரும்பத் திரும்ப வந்து நிற்கும் பொருள் எது என்று கவனிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய இரண்டாவது பக்கம், ‘விரல்’ என்ற சொல்லில் தொடங்கி, பெரும்பகுதி அலுவலகப் புலம்பலாகப் போகிறது. அதன் நடுவில் ஒரு வரி: “அப்பா விரலில் கறுப்பா எண்ணெய் துணியில் துடைக்கிறார் என்ன பண்றீங்கன்னா ஒண்ணுமில்ல என்கிறார்.” அதற்கடுத்து மறுபடி அலுவலகம். நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். முதல் பக்கத்தோடு சேர்த்துப் படித்த எனக்குக் கண் அங்கேயே நின்றுவிட்டது. எண்ணெய் விடவே மாட்டேன் என்ற மனிதரின் விரலில் எண்ணெய். அது தாழ்ப்பாளுக்கு விட்ட எண்ணெயா, வேறு எதற்காவதா என்று நோட்டில் இல்லை. உண்மையில் எதற்கு என்பது உங்களுக்குத்தான் தெரியும். கதையில் எதற்கு என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வரிக்கு மேல் குறிக்காதீர்கள். பத்து வரி குறித்தால் ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம். ஒன்றுமே குறிக்க முடியாத பக்கங்கள்தான் அதிகம் இருக்கும். அதில் தப்பில்லை. அன்றைக்கு அந்தப் பக்கம் உங்களைக் கதைக்குள் கொண்டுபோய் விட்டிருந்தால் அதன் வேலை முடிந்தது. மூன்று நோட்டில் ஒரு வரிகூடத் தேறவில்லை என்ற உங்கள் கணக்கில் இந்தப் பாதி விட்டுப்போயிருக்கிறது.

எடுத்த வரியைத் திருத்தலாமா

தாராளமாகத் திருத்தலாம். இயல்பு போய்விடும் என்று சொல்கிறவர்கள், எழுதுவதற்கான விதியைத் திருத்துவதற்கும் நீட்டிவிடுகிறார்கள். திரும்பிப் பார்க்காதே, அடிக்காதே என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும். டைமர் அடித்தபின் அது மற்ற எந்த முதல் வரைவையும் போல ஒரு வரைவு. அதற்குத் தனிப் புனிதம் கிடையாது. எந்தத் திசையில் திருத்துகிறோம் என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். கழித்துத் திருத்தினால் பெரும்பாலும் தேறும், கூட்டித் திருத்தினால் பெரும்பாலும் கெடும்.

நிறுத்தாமல் எழுதும்போது தமிழ் வாக்கியம் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ‘வந்து’, ‘பார்த்து’, ‘என்று’, ‘அதனால்’ என்று எச்சங்களும் இணைப்புச் சொற்களும் அடுத்ததைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். கை நிற்காமல் இருக்க அவை உதவுகின்றன, வாசகருக்கு அவை தேவையில்லை. முதலில் அந்த இணைப்புகளில் வெட்டுங்கள். உங்கள் வரியையே எடுத்துக்கொள்வோம்.

நோட்டில்: “நான்தான் கேட்டேன் எத்தனை நாளைக்கு என்று ஏன் கேட்டேன். பை சின்னப் பையாக இருந்தது அதனால் கேட்டேன்.”

இதில் ‘ஏன் கேட்டேன்’ என்பதும் ‘அதனால் கேட்டேன்’ என்பதும் நீங்கள் யோசித்த தடம். அவற்றை எடுத்துவிட்டால்:

“‘எத்தனை நாளைக்கு?’ என்று நான்தான் கேட்டேன். பை சின்னதாக இருந்தது.”

கேள்விக்கும் பைக்கும் என்ன தொடர்பு என்பதை இப்போது வாசகர் தாமே இணைத்துக்கொள்கிறார். தங்கை ஒரு சாக்குச் சொல்கிறாள் என்பதும் அவருக்கே தெரிந்துவிடுகிறது. ‘நான்தான்’ என்பதை மட்டும் வெட்டாதீர்கள். வேறு யாரும் கேட்கவில்லை, அம்மாகூடக் கேட்கவில்லை என்ற குற்ற உணர்வு முழுக்க அந்த ‘தான்’ மேல் நிற்கிறது.

கூட்டித் திருத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். “அவள் சுமந்துவந்த துயரத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பை மிகச் சின்னதாக இருந்தது.” இப்படி எழுதத் தோன்றும், எழுதியதும் மனசுக்கு நிறைவாகவும் இருக்கும். ஆனால் துயரம் என்ற சொல் வந்ததும் பை காணாமல் போய்விட்டது. தங்கையின் சாக்கும் போய்விட்டது. நீங்கள் கோடிட்ட ‘எல்லைக்கோடு’ வரிக்கே திரும்பிவிட்டோம்.

எடுத்த வரிகளை நோட்டிலேயே விட்டுவைக்காமல் தனித் தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். பிறகு ஒவ்வொரு வரியிடமும் உனக்கு என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள். கதையில் அப்படியே நிற்கக்கூடியது பை வரி. வசனமாகப் போகக்கூடியது அப்பாவின் பேச்சு. “அந்தச் சத்தம் வரவில்லை” என்பது வேறு வகை. அதைக் கதையில் உடனே வைத்தால் பாதி வீணாகும், ஏனென்றால் அதற்குள் இன்னும் நிறைய இருக்கிறது. அன்று ராத்திரி யார் விழித்திருந்தார்கள்? சத்தம் வராமல் கதவு திறந்ததை நீங்கள் எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? சத்தத்துக்காகவே எண்ணெய் விடாத மனிதர், அது வராத அன்று காலையில் மகளைப் பார்த்து என்ன செய்தார்? இப்படி ஒரு வரி கேள்விகளாகக் கிளைத்தால், அடுத்த பத்து நிமிடத்தை அந்த வரியிலேயே தொடங்குங்கள். இரண்டாவது சுற்றில் பழகிய வரிகள் குறைவாக வரும், ஏனென்றால் இந்த முறை தொடங்குவதே உங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் இடத்தில்.

அம்மா தட்டு எடுத்து வைப்பதில் மட்டும் கொஞ்சம் யோசிப்பேன். நல்ல வரிதான். ஆனால் பேசாமல் உணவு பரிமாறும் அம்மா கதைகளில் நிறைய வந்துவிட்டாள். தட்டு என்ன தட்டு, அக்கா முன்பு சாப்பிட்ட அதே தட்டா, விருந்தாளிக்கு எடுப்பதா என்பது தெரிந்தால் அந்த வரி உங்களுடையதாகும். அதுவரை தாளில் இருக்கட்டும்.

இப்படி எடுக்கும் வரிக்காகக் கதையை வளைக்காமல் இருப்பதும் முக்கியம். தோழி ‘ஒட்டவில்லை’ என்று சுழிக்கும் இடங்களில் இரண்டு வகை இருக்கலாம். வரியே பழகிய வரியாக இருப்பது ஒன்று. வரி நன்றாக இருந்தும், அந்தக் காட்சியில் அதைச் சொல்ல ஆள் இல்லாமல் இருப்பது இன்னொன்று. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டுப் பத்தியைப் படித்துப் பாருங்கள். பத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் வரி அங்கே விருந்தாளியாக இருந்திருக்கிறது. திரும்பத் தாளுக்கே அனுப்பிவிடுங்கள்.

அக்காவைப் பற்றி எழுதுவது

நோட்டில் எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்தப் பக்கங்கள் உங்களுடையவை. பிறர் கண்ணில் படும் என்ற பயம் இருந்தால் பத்து நிமிடத்தில் உண்மை எதுவும் வராது, ஆகவே அவற்றைப் பூட்டி வையுங்கள். வரி எடுத்த பக்கத்தைக் கிழித்துப் போட்டாலும் நஷ்டமில்லை.

அச்சில் வருவது வேறு விஷயம். பெயரையும் வயதையும் மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்நியர்களிடமிருந்து மறைக்க அது போதும், குடும்பத்தாரிடமிருந்து மறைக்காது. தாழ்ப்பாளையும் எண்ணெயையும் பார்த்த மறுநொடியே உங்கள் அக்காவுக்கு யார் கதை என்று தெரிந்துவிடும். பிரிவு வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. கணவரைப் பற்றி அடையாளம் தெரியும்படி எதையாவது எழுதி வெளியிட்டால் அது அவதூறு என்ற பிரச்சினையில் போய் நிற்கலாம், அக்காவின் வழக்குக்கும் இடைஞ்சலாகலாம். அந்த நிலை இருந்தால் வெளியிடும் முன் அவருடைய வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனாலும் நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் படித்தவரை, அக்காவின் மணவாழ்க்கையில் என்ன நடந்தது என்பது அவற்றில் ஓரிடத்திலும் இல்லை. இருப்பதெல்லாம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட ஒரு தங்கையும், எண்ணெய்க் கறையைத் துடைக்கும் ஓர் அப்பாவும்தான். அது உங்கள் பக்கத்துக் கதை, அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பது என் கருத்து. கணவர் தரப்பைத் தொடாமலேயே அந்தக் கதை முழுமையாக நிற்கும். முழுதாக எழுதி முடியுங்கள். அதன்பின், வெளியிடுவதற்கு முன், அக்காவிடம் படிக்கக் கொடுங்கள். எழுதுவதற்கு முன்பே கேட்டால், எழுதாத கதைக்கு அவரும் பதில் சொல்ல முடியாது, நீங்களும் பாதியில் நின்றுவிடுவீர்கள். படித்துவிட்டு வேண்டாம் என்றால் என்ன செய்வது என்பதைப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளலாம். அவர் வேண்டாம் என்று சொல்வது எந்த வரியை என்று தெரிந்தாலே பாதி வழி திறந்துவிடும்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். மனதில் கிடக்கும் துயரத்தை எழுதி ஆற்றிக்கொள்வது என்று தனியாக ஒரு முறை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் அதை ஆராய்ந்தவர். 1986-ல் வெளியான அவருடைய முதல் ஆய்வில் கல்லூரி மாணவர்கள் நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். துயரத்தை அதன் உணர்ச்சியோடு எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த உடனே மனம் லேசாகவில்லை, இன்னும் கனமாகத்தான் இருந்தது. பலன் தெரிந்தது பின்வந்த மாதங்களில், மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்ததில். அந்த நான்கு நாள் எழுத்தும், தினமும் கதைக்கு முன் செய்யும் வார்ம்-அப்பும் ஒன்றல்ல. வார்ம்-அப் முடிந்தபின் நீங்கள் கதை எழுதும் நிலையில் இருக்க வேண்டும். பக்கம் தினமும் அதே காயத்தில் போய் நின்று, எழுந்தபின் மணிக்கணக்காக மனம் கனத்துக் கிடந்தால், தொடங்கும் சொல்லை மாற்றுங்கள். உங்களைப் பற்றி எழுதாமல் கதாபாத்திரத்தின் கையில் உள்ள ஒரு பொருளைப் பற்றி எழுதுங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் அதை எழுத்துப் பிரச்சினையாகப் பார்க்காமல் ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

நிறைந்துவிட்ட மூன்று நோட்டுகளை ஒரே மூச்சில் படிக்கப் போகாதீர்கள். இருபது பக்கத்துக்குப் பிறகு எல்லாமே குப்பையாகத் தெரியும், அல்லது எல்லாமே அருமையாகத் தெரியும். ஓர் உட்காரலுக்கு நான்கைந்து பக்கம் போதும். மிகப் பழைய நோட்டிலிருந்து தொடங்குங்கள், அதுதான் அதிகம் மறந்திருக்கும். இந்த முறை ஒரே ஒரு விஷயத்தைத் தேடினால் போதும்: அப்பா எங்கெல்லாம் வருகிறார், அப்போது அவர் கையில் என்ன இருக்கிறது. அந்த வரிகளை மட்டும் தனித் தாளில் எடுத்து எழுதி, அதில் ஒன்றை வைத்து அடுத்த பத்து நிமிடத்தைத் தொடங்குங்கள்.